4608-லிருந்து 1269 வரை: நெல்லைக் குப்பை எரியுமா என்று அளப்பது

ஓர் ஊரின் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கலாமா என்ற பேச்சு கிளம்பினால், கொஞ்ச நாளில் ஓர் ஆய்வக அறிக்கையும் மேசைக்கு வந்துவிடும். அதன் நடுவில் ஒரு வரி: கலோரி மதிப்பு, கிலோவுக்கு 4608 கிலோ கலோரி. வெயிலில் காய்ந்த விறகே 3500-லிருந்து 4000 வரைதான் தரும். அப்படியானால் திருநெல்வேலியின் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கில் மலைபோல் கிடப்பது விறகைவிட நல்ல எரிபொருள் என்றல்லவா ஆகிறது? ஆகாது. அதே குப்பையை, அதே எண்ணை வைத்துக்கொண்டு 1269 என்றும் காட்டலாம். இரண்டு எண்ணும் பொய் இல்லை. ஒன்று பரிசோதனைக்கூடத்துக் கிண்ணத்தில் இருந்த ஒரு கிராம் தூளின் மதிப்பு. மற்றது லாரியில் வந்து இறங்கிய குப்பையின் மதிப்பு. உலைக்குள் போகப்போவது இரண்டாவதுதான்.

நடுவில் அந்த 3339 எங்கே போகிறது என்பதை ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்ப்போம். இங்கே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. மாநகராட்சி அளந்து வெளியிட்டவை அல்ல. ஆனால் நம் ஊர்க் கலப்புக் குப்பையில் எதிர்பார்க்கக்கூடிய அளவுகள்தான்.

முதலில், எந்தக் கோட்டைத் தாண்டினால் தேறும் என்பது தெரிய வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு ஆகாத கழிவில் கிலோவுக்கு 1500 கிலோ கலோரியோ அதற்கு மேலோ இருந்தால் அதைக் குழியில் கொட்டக் கூடாது, எரிசக்திக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றன. எரிப்பாலை கட்ட நினைப்பவர்களுக்கு 1999-இல் உலக வங்கி வெளியிட்ட வழிகாட்டி வேறு மாதிரி சொல்கிறது: நிகர வெப்ப மதிப்பு ஆண்டுச் சராசரியில் கிலோவுக்கு 7 மெகாஜூலாவது இருக்க வேண்டும், எந்தப் பருவத்திலும் 6-க்குக் கீழே போகக் கூடாது. நம் கணக்கில் சொன்னால் சராசரி சுமார் 1670, அடிமட்டம் சுமார் 1430 கிலோ கலோரி. சராசரியை எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். 'எந்தப் பருவத்திலும்' என்ற சொல்லைத்தான் விட்டுவிடுகிறார்கள். டெல்லி திமார்பூரில் 1987-இல் நாளொன்றுக்கு 300 டன் குப்பை எரிக்கக் கட்டிய ஆலை சோதனை ஓட்டத்தோடு நின்றுபோனது. வந்த குப்பையில் வடிவமைப்பில் எதிர்பார்த்த வெப்பம் இல்லை. குப்பை எரியட்டும் என்று தனியாக எரிபொருள் ஊற்ற வேண்டிய நிலை வந்தால், அதற்குப் பெயர் மின் உற்பத்தி இல்லை.

எந்த வண்டியில் எடுப்பது

அளவு கெட்டுப்போவது பெரும்பாலும் கருவியில் இல்லை, கிடங்கு வாசலில். எடை மேடையில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. மாதிரி எடுக்க வந்தவர் கையுறை மாட்டிக்கொண்டு முதல் வண்டியைக் காட்டுகிறார். அங்கே இருப்பவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்: “சார், அது மார்க்கெட் லோடு, ஒழுகிட்டு கெடக்கு. இந்த வண்டியில எடுங்க, நல்லா காஞ்சு கெடக்கு.” அவர் பேச்சைக் கேட்ட அந்த நிமிடமே ஈரப்பதத்தில் பத்துப் புள்ளி குறைந்துவிடும்.

நயினார்குளம் மார்க்கெட் வண்டியில் வாழை மட்டை, முட்டைக்கோஸ் இலை, அழுகிய தக்காளி. பாளையங்கோட்டையின் குடியிருப்புத் தெருக்களிலிருந்து வரும் வண்டியில் சோற்றுக் கழிவோடு காகிதமும் பாலித்தீன் பையும் சரிக்குச் சரி. கடைத்தெரு வண்டியில் அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும். தெரு கூட்டி அள்ளிய வண்டியில் பாதி மண். இவற்றில் எந்த ஒன்றும் 'நெல்லைக் குப்பை' இல்லை. அதனால் வண்டியைக் கண்ணால் பார்த்துப் பொறுக்காமல் சீட்டுக் குலுக்கியோ, எண் வரிசையில் ஏழாவது வண்டி என்று வைத்தோ எடுக்க வேண்டும். மாநகராட்சியின் நான்கு மண்டலங்களும் வர வேண்டும், வாரத்தின் ஏழு நாளும் வர வேண்டும். முகூர்த்த நாளுக்கு மறுநாள் மண்டபக் குப்பையில் எச்சில் இலையின் கனம் தெரியும். பொங்கலுக்கு மறுநாள் கரும்புத் தோகையும் பனை ஓலையும் வந்து குவியும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு அடுத்த நாள் தண்ணீர் பாட்டிலும் காகிதத் தட்டும். இந்த நாள்களைத் தவிர்க்கச் சொல்லவில்லை. அவற்றைத் தனியாகக் குறித்து, ஆண்டில் அப்படி எத்தனை நாள் என்ற விகிதத்தில்தான் சேர்க்க வேண்டும்.

வண்டியைக் கொட்டிய பிறகு செய்வது பழைய முறைதான். தார்ப்பாயிலோ சிமெண்டுத் தரையிலோ கொட்டி, மண்வெட்டியால் புரட்டிக் கலந்து, கூம்பாகக் குவித்து, மேலே தட்டிப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு, மீதியை மறுபடி குவிக்க வேண்டும். 100 கிலோ அளவில் வரும்வரை இப்படியே. பைகளைக் கிழித்துவிட்டுக் கலக்க வேண்டும். முடிச்சுப் போட்ட பாலித்தீன் பை ஒன்று முழுசாக ஒரு பங்கில் விழுந்தால், அதற்குள் இருக்கும் இரண்டு கிலோ சாம்பார் சோறு அந்தப் பங்கின் கணக்கையே மாற்றிவிடும்.

தரையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மண் தரையில் கொட்டினால் மண்வெட்டி தரை மண்ணையும் சேர்த்து அள்ளும், சாம்பல் கூடும். அதைவிட மோசம், குப்பையின் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். காம்பாக்டர் வண்டியிலும் இதே சங்கடம். அமுக்கும்போது பிழிந்த கருப்புத் தண்ணீர் அடியில் உள்ள தொட்டிக்குப் போகிறது, வழியெல்லாம் சொட்டுகிறது. மாதிரி எடுக்கும்போது அந்தத் தண்ணீர் கணக்கில் உண்டா இல்லையா என்று அறிக்கையில் எழுத வேண்டும். எரிப்பாலைகளில் குப்பையை ஆழமான குழியில் சில நாள் போட்டு வடியவிட்டு எரிப்பது வழக்கம்தான். ஈரம் சில புள்ளி குறையும். ஆனால் வடிந்த கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு வேறு கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஈரம்

100 கிலோவையும் அப்படியே அடுப்பில் வைக்க முடியாது. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோ எடுத்து, கனமான பையில் காற்றுப் புகாமல் கட்டி, அங்கேயே எடை போட வேண்டும். 'அங்கேயே' என்பது முக்கியம். சித்திரை வெயிலில் பரப்பி வைத்த குப்பை, வகை பிரித்து முடிப்பதற்குள் மேலாக உலர்ந்துவிடும். அதற்குப் பின் ஆய்வகத்தில் எவ்வளவு கவனமாக உலர்த்தினாலும் அந்த ஈரம் திரும்பி வராது. பையின் உள்பக்கம் வியர்த்து நிற்கும் தண்ணீரும் மாதிரியைச் சேர்ந்ததுதான். பையோடு எடை போட்டு, கடைசியில் காய்ந்த பையின் எடையைக் கழித்தால் சரியாக வரும்.

ஓவனில் வைக்கும்போது இரண்டு படியாகச் செய்வது நல்லது. எடுத்த எடுப்பிலேயே 105 டிகிரியில் வைத்தால் மெல்லிய பிளாஸ்டிக் இளகிச் சுருண்டு, ஈரக் காகிதத்தைத் தனக்குள் மூடிக்கொள்ளும். சோற்றுக் கழிவு சில இடங்களில் கருகும். கருகும்போது போவது தண்ணீர் மட்டுமில்லை, எரியக்கூடிய ஆவியும் சேர்ந்து போகும். அது ஈரக் கணக்கில் ஏறி, வெப்பக் கணக்கில் இறங்கும். அதனால் அகலமான தட்டுகளில் மெலிதாகப் பரப்பி, முதலில் 75 டிகிரி வாக்கில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துவார்கள். பிறகு அறைக் காற்றில் ஆறவிட்டு எடை. அரைத்துத் தூளாக்கிய பிறகு அந்தத் தூளில் கொஞ்சம் எடுத்து 105 டிகிரியில் மறுபடி வைத்தால் மிச்ச ஈரம் தெரியும்.

நம் எடுத்துக்காட்டை எளிதாக்க, எல்லாவற்றையும் 100 கிலோவுக்குச் சொல்கிறேன். முதல் உலர்த்தலுக்குப் பின் 46.1 கிலோ நின்றது. அதில் கல், ஓடு, கண்ணாடி, இரும்பு என்று 9 கிலோ. மீதி 37.1 கிலோ அரைக்கக்கூடியது. தூளின் மிச்ச ஈரம் 3 சதவீதம், அதாவது 1.1 கிலோ. ஆக உண்மையான உலர் பொருள் 45 கிலோ, தண்ணீர் 55 கிலோ. ஈரப்பதம் 55 சதவீதம்.

இதில் ஒரு குறுக்குவழியைப் பலரும் நம்புகிறார்கள். காகிதத்துக்கு இத்தனை சதவீத ஈரம், துணிக்கு இத்தனை, உணவுக்கு இத்தனை என்று பாடப்புத்தக அட்டவணை இருக்கிறது. குப்பையை வகை பிரித்து எடை மட்டும் போட்டு, அட்டவணையை வைத்துப் பெருக்கினால் ஈரம் வந்துவிடும், ஓவனே வேண்டாம் என்பார்கள். வீட்டிலேயே தனித்தனியாகப் பிரித்த குப்பைக்கு அது ஓரளவு ஒத்துவரும். கலந்து, அமுக்கி, அரை நாள் வண்டியில் கிடந்த குப்பைக்கு ஒத்துவராது. தக்காளியின் தண்ணீரை தினத்தாள் குடித்திருக்கும். அட்டவணையில் ஒற்றை இலக்கத்தில் நிற்கும் காகித ஈரம் இங்கே 40-ஐத் தொடலாம். மொத்தத் தண்ணீர் மாறவில்லையே என்று கேட்கலாம். மொத்தம் மாறவில்லைதான், ஆனால் காகிதத்தைப் பிரித்து எடை போடும்போது அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்குவரை தண்ணீர். அதைக் காகிதம் என்று நினைத்து வெப்பம் போட்டால் கணக்கு வீங்கிவிடும்.

கல்லும் கண்ணாடியும்

நான் பார்த்தவரை, ஈரத்துக்கு அடுத்து அறிக்கைகளில் அதிகம் தொலைவது அந்த 9 கிலோதான். அரவை இயந்திரத்தில் கல்லைப் போட முடியாது, பிளேடு போய்விடும். அதனால் ஆய்வகத்தில் பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். அதில் தவறில்லை. பொறுக்கியதை எடை போட்டுக் குறிக்காமல் குப்பைத்தொட்டியில் போடுவதுதான் தவறு. வெப்பத்தை அளக்கும் கலோரிமீட்டர் தன் கிண்ணத்துக்கு வந்ததை மட்டும்தான் அளக்கும். உலைக்குக் கல்லும் போகும், சாக்கடை தூர் வாரிய மண்ணும் போகும், கட்டட இடிபாட்டுத் துண்டும் போகும். அறிக்கையைக் கையில் வாங்கியதும் நான் முதலில் தேடுவது கலோரி மதிப்பை இல்லை, 'அரைக்கும் முன் நீக்கியது எவ்வளவு' என்ற வரியை. அந்த வரி இல்லாவிட்டால் மீதி எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அரைப்பதும் லேசான வேலை இல்லை. 100 கிலோவின் பிரதிநிதியாக ஒரு கிராம் போகிறது. அதற்குத் தூள் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். காகிதமும் காய்ந்த இலையும் அரைந்துவிடும். பாலித்தீன் பை அரையாது. சூட்டில் இளகி, நூல் நூலாகப் பிரிந்து, இயந்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். விட்டு விட்டு ஓட்டுவார்கள், வசதி இருந்தால் திரவ நைட்ரஜன் ஊற்றி உறையவைத்து அரைப்பார்கள். சுவரில் ஒட்டியதைச் சுரண்டிச் சேர்க்காவிட்டால் தூளில் பிளாஸ்டிக் குறைந்துபோகும். பாலித்தீனின் வெப்பம் கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோ கலோரி. கலோரிமீட்டருக்காகத் தூளை அழுத்திச் செய்யும் ஒரு கிராம் வில்லையில் 20 மில்லிகிராம் பாலித்தீன் கூடினாலோ குறைந்தாலோ விடை 130 வாக்கில் ஆடும். ஒரே தூளிலிருந்து ஐந்து வில்லை போட்டுப் பார்த்து, விடைகள் நூறு இருநூறு என்று சிதறினால் கருவியைச் சந்தேகப்பட வேண்டாம். அரவைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

ஒரு கிராம் எரியும்போது

பாம் கலோரிமீட்டர் என்பது தடித்த எஃகுக் குடுவை. தூளை அழுத்தி வில்லையாக்கி, கிண்ணத்தில் வைத்து, மெல்லிய உருகு கம்பியும் பருத்தி நூலும் அதைத் தொடும்படி கட்டி, குடுவையை மூடி, 25-லிருந்து 30 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் நிரப்புகிறோம். குடுவை இரண்டு லிட்டர் தண்ணீருக்குள் உட்காரும். கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் வில்லை சில நொடியில் எரிந்துவிடும். அதற்கப்புறம் பார்க்க வேண்டியது தண்ணீரின் வெப்பநிலை எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதை மட்டும்தான்.

அந்த ஏற்றத்தைக் கலோரியாக மாற்ற, கருவி ஒரு டிகிரி ஏற எத்தனை கலோரி வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு பென்சாயிக் அமிலத்தை எரிக்கிறார்கள். அதன் வெப்பம் கிராமுக்கு 6318 கலோரி என்பது உலகமெங்கும் ஏற்றுக்கொண்ட எண். ஒரு கிராம் எரிந்து தண்ணீர் 2.63 டிகிரி ஏறினால், கருவியின் எண் டிகிரிக்குச் சுமார் 2400 கலோரி. நம் வில்லைக்கு ஏற்றம் 1.934 டிகிரி. பெருக்கினால் 4642. இதில் கம்பியும் நூலும் எரிந்த வெப்பமும், உள்ளே உண்டான அமிலத்தின் வெப்பமும் சேர்ந்து 34. கழித்தால் 4608. அறிக்கையில் வந்த எண் இதுதான்.

குடுவையைத் திறந்ததும் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். சாம்பல் வெளுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் சரி. கருப்புக் கரி படிந்திருந்தாலோ, மூடியின் உள்பக்கம் புகை அப்பியிருந்தாலோ வில்லை முழுதாக எரியவில்லை. ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், அல்லது பிளாஸ்டிக் உருகித் தெறித்திருக்கலாம். அந்த ஓட்டத்தின் எண்ணைப் பதிவேட்டில் அடித்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். குடுவையைக் கழுவிய நீரையும் கொட்டிவிட வேண்டாம். குளோரின் எவ்வளவு என்று அதிலேயே பார்க்கலாம், பின்னால் தேவைப்படும்.

படியிறக்கம்

இப்போது 4608-ஐ லாரிவரை கொண்டுபோவோம். முதல் படி மேல் நோக்கித்தான் போகிறது. தூளில் இருந்த 3 சதவீத ஈரத்தை நீக்கினால், 4608-ஐ 0.97-ஆல் வகுத்து, 4750. அடுத்து, பொறுக்கிப் போட்ட கல்லைத் திரும்பச் சேர்க்க வேண்டும். 45 கிலோ உலர் பொருளில் எரியக்கூடியது 36 கிலோ, அதாவது 80 சதவீதம். 4750 இப்போது 3800 ஆகிறது. இது காய்ந்த குப்பையின் மொத்த வெப்ப மதிப்பு. பல அறிக்கைகள் இங்கேயே நின்றுவிடும், சில 4750-இலேயே நின்றுவிடும்.

லாரியில் வந்த ஒரு கிலோவில் 45 சதவீதம்தான் உலர் பொருள். 3800-இல் 45 சதவீதம் 1710. இன்னும் முடியவில்லை. கலோரிமீட்டர் குடுவைக்குள் உண்டான நீராவி அங்கேயே குளிர்ந்து தண்ணீராகி, தன் வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உலையில் அந்த ஆவி புகைபோக்கி வழியாகப் போய்விடும், வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 586 கிலோ கலோரி. இங்கே தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது: குப்பையின் ஈரம் ஒன்று, குப்பையில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து உண்டாகும் தண்ணீர் இன்னொன்று. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது கிலோ தண்ணீர்.

```
NCV = GCV × (1 − M) − 586 × (M + 9 × H × (1 − M))
```

NCV என்பது லாரியில் வந்த குப்பையின் நிகர மதிப்பு. GCV என்பது காய்ந்த குப்பையின் மொத்த மதிப்பு 3800. M ஈரம், 0.55. H காய்ந்த குப்பையில் ஹைட்ரஜன், 0.05 என்று வைப்போம். தண்ணீர் 0.55 உடன் 0.2025 சேர்ந்து 0.7525 கிலோ. அதற்கான வெப்பம் 441. 1710-இல் கழித்தால் 1269. 1500-க்குக் கீழே, 1430-க்கும் கீழே.

இதே கணக்கில் ஈரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் அளப்பவரின் பொறுப்பு எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. ஈரம் 40 என்றால் நிகர மதிப்பு 1887. 65 என்றால் 857. ஈரத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 41 கிலோ கலோரி போகிறது. கலோரிமீட்டரை ஒழுங்காக இயக்கினால் அதன் பிழை ஒரு சதவீதத்துக்குள், அதாவது 4608-இல் நாற்பது சொச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். கிடங்கு வாசலில் மார்க்கெட் வண்டியை விட்டுவிட்டால் போகும் பத்துப் புள்ளி, 410. பட்டியலில் விலை உயர்ந்த தானியங்கிக் கலோரிமீட்டரைச் சேர்ப்பதைவிட, மாதிரி எடுக்க இரண்டு ஆளையும் கூடுதலாகச் சில வாரங்களையும் சேர்ப்பதே மேல் என்பது என் கட்சி.

இந்தக் குப்பைக்கு 1500-ஐத் தொடும் ஈரம் 49 சதவீதத்தை ஒட்டி வருகிறது. நெல்லையில் வெயில் காலம் நீளம். மாசியிலிருந்து ஆடி வரை எடுத்த மாதிரிகள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கலாம், தேர்வில் எளிதாகத் தேறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது திறந்த வண்டியும் தெருவோரத் தொட்டியும் நனைந்து ஊறும். அட்டைப்பெட்டி தண்ணீரைக் குடித்துக்கொண்டு வரும். அந்த மாதங்களில் 60, 65 என்பது மிகையில்லை. வெயில் காலத்தில் ஒரு வாரம், மழையில் ஒரு வாரம் என்று எடுத்து சராசரி போட்டுவிட்டால் மழைக்காலத்து அடிமட்டம் அதில் மறைந்துவிடும். உலை சராசரியில் எரியாது, அன்றன்று வருவதை வைத்துத்தான் எரியும். மழைக்கால எண்ணைத் தனியாகக் காட்டாத அறிக்கை, உலக வங்கி வழிகாட்டி கேட்ட இரண்டு கேள்வியில் ஒன்றுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

பிரித்துப் பார்த்தால்

சரி, கலப்பாக எரிக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 கிலோவில் வெப்பம் எங்கேதான் இருக்கிறது? அதே மாதிரியை வகை பிரித்து, வகைவாரியாக ஈரமும் வெப்பமும் அளந்தால் தெரியும். 58 கிலோ காய்கறி, உணவு, இலை. அதில் 72 சதவீதம் தண்ணீர், உலர் பொருள் 16 கிலோ சொச்சம்தான். கல்லும் கண்ணாடியும் ஒட்டிய ஈரத்தோடு 10 கிலோ. மீதி 32 கிலோ காகிதம், துணி, பிளாஸ்டிக், ரப்பர், கட்டை. அதன் ஈரம் 38 சதவீதம், உலர் பொருள் 19.8 கிலோ, அதன் மொத்த மதிப்பு 5360 வாக்கில். பிளாஸ்டிக் இருப்பதால் ஹைட்ரஜன் கூடுதல், 7 சதவீதம் என்று கொள்வோம். மேலே உள்ள அதே வாய்பாட்டில் போட்டால் நிகர மதிப்பு சுமார் 2870.

மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான எடையில் மொத்த வெப்பத்தின் ஐந்தில் மூன்று பங்கு உட்கார்ந்திருக்கிறது. 58 கிலோ ஈரப் பங்கு தன் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே தன் வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். அது உரத்துக்கோ சாண எரிவாயுக் கலன் போன்ற கலனுக்கோ போக வேண்டிய பொருள். அங்கே ஈரம் குறை இல்லை, தேவை.

32 கிலோவுக்கு வழி வேறு. சிமெண்ட் ஆலைச் சூளையில் நிலக்கரியோடு சேர்த்து எரிப்பது அதில் ஒன்று, நம் பக்கத்தில் தாழையூத்திலேயே சிமெண்ட் ஆலை இருக்கிறது. மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வெறுமனே பிரித்தெடுத்த எரிபகுதிக்கு நிகர மதிப்பு 1500-க்கு மேல், ஈரம் 35 சதவீதத்துக்குக் கீழ் என்று இருக்கிறது. அடுத்த தரம், குப்பையிலிருந்து தயாரிக்கும் எரிபொருளான ஆர்டிஎஃப்பின் மூன்றாம் நிலை. அதற்கு 3000-க்கு மேல், ஈரம் 20-க்குக் கீழ். நம் 32 கிலோ வெப்பத்தில் முதல் கோட்டைத் தாராளமாகத் தாண்டுகிறது, ஈரத்தில் 3 புள்ளியில் தவறுகிறது. கூரை போட்ட தளத்தில் பரப்பிக் காயவைத்து ஈரத்தை 20-க்குக் கொண்டுவந்தால், அதே பொருளின் நிகர மதிப்பு 3800-ஐத் தாண்டும். கூரையைச் சேர்த்துச் சொல்லக் காரணம் கார்த்திகை. திறந்த வெளியில் பங்குனியில் வெயிலே காயவைத்துவிடும், கார்த்திகையில் காயவைத்ததை மழை மறுபடி நனைத்துவிடும்.

ஆலைக்காரர் வாங்கும்போது வெப்பத்தோடு நிற்கமாட்டார், குளோரினைக் கேட்பார். சூளைக்குள் குளோரின் உப்புகள் சுவரில் படிந்து வழியை அடைக்கும். மூன்றாம் நிலைக்கு வரம்பு 1 சதவீதம். பிவிசி குழாய்த் துண்டும், ரெக்சின் உறையும், பழைய செருப்பும் சேர்ந்தால் அந்த வரம்பைத் தொட அதிகம் வேண்டியதில்லை. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். குடுவையைக் கழுவிய நீரை எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அதே வில்லையிலிருந்து அந்த எண்ணும் கிடைத்துவிடும். வரம்பு தாண்டினால் வகை பிரிக்கும் மேடையில் அந்த மூன்று பொருளையும் தனியே எடுக்கச் சொல்லி, இன்னொரு வாரம் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும்.